காணாமல் போன பட்டமும் ஐந்து குஞ்சங்களும்

இரண்டரை வயதுக் குழந்தை, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் ஒண்ணிலிருந்து பத்து வரை தடங்கலில்லாமல் சொல்லிக் காட்டுகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். அதே குழந்தையிடம் ஒரு கூடை நிறைய பொம்மைகளை வைத்து, "மூணு எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளி நீட்டும். அதில் ஐந்தும் இருக்கலாம், ஏழும் இருக்கலாம். "மூணு இருக்கான்னு எண்ணிப் பாரு" என்றால் ஏழு வரை எண்ணும். எண்ணி முடித்த பிறகும் நீட்டிய கையை மாற்றாது.

அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் முறைப்படி சோதித்தது. பொம்மைக் குவியலிலிருந்து இத்தனை எடுத்துக் கொடு என்று கேட்பதுதான் சோதனை. அவர் கண்டது இது: எண்களின் பொருளைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வதில்லை, ஒவ்வொன்றாக ஏறுகிறார்கள். முதலில் ஒன்று மட்டும் தெரியும். மற்ற எல்லா எண்ணுக்கும் ஒரு கைப்பிடி. சில மாதங்கள் கழித்து இரண்டு தெரியும். இன்னும் சில மாதங்களில் மூன்று. அதற்குப் பிறகு, பெரும்பாலும் மூன்றரை வயதை ஒட்டி, ஒரு பெரிய தாவல் நடக்கிறது: எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதற்கான விடை என்று பிடிபட்டுவிடுகிறது. அன்றிலிருந்து தனக்குத் தெரிந்த வரிசை எது வரை போகிறதோ அது வரை பிள்ளை எண்ணிக் கொடுத்துவிடும்.

ஆக, பத்து வரை சொல்லத் தெரிவதற்கும் மூன்றை எடுத்துக் கொடுக்கத் தெரிவதற்கும் நடுவே ஒரு வருஷத்துக்கும் மேலான தூரம் இருக்கலாம். மழலையருக்கு எண்ணும் கதை எழுதுகிறவர் நிற்கவேண்டிய இடம் இந்தத் தூரம்தான். கடைகளில் கிடைக்கும் எண் புத்தகங்களில் பல இதைக் கவனிப்பதில்லை. ஒரு பக்கத்தில் ஒரு யானை, அடுத்த பக்கத்தில் இரண்டு முயல், பிறகு மூன்று கிளி என்று பத்து வரை போய் நின்றுவிடுகின்றன. தாளமும் சந்தமும் இருக்கும், பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். ஆனால் தாளம் தருவது வரிசையை மட்டுமே. அளவைத் தருவதற்குக் கதையின் அமைப்பில் வேறொரு வேலை நடக்கவேண்டும்.

அந்த வேலை என்ன என்பதைப் பார்க்க, ஒரு கதையைக் கையில் எடுத்து வரிவரியாகக் கட்டிப் பார்ப்பதே நேர்வழி. கதைக்குப் பொருள் காணாமல் போன பட்டம்.

பட்டம் காணாமல் போனால் தேடவேண்டும். தேடும் கதை மழலைக்குப் பொருத்தமானது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்வியைக் கேட்கலாம், விடை வரும் வரை கதை ஓடும். ஆனால் எதை எண்ணுவது? முதலில் தோன்றுகிற யோசனை, வழியில் எதிர்ப்படுகிறவர்களை எண்ணுவது. ஒரு காக்கா, ரெண்டு அணில், மூணு ஆடு; எல்லோரிடமும் "என் பட்டத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போவது. எரிக் கார்ல் 1969-ல் வெளியிட்ட, உலகம் முழுக்கப் படிக்கப்படும் பசித்த கம்பளிப்பூச்சிக் கதையும் இந்த வகைதான். அதில் புழு திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று வாரநாள்களில் தின்றுகொண்டே போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புதுக் கூட்டம். இரண்டு என்றால் இப்படி இருக்கும், மூன்று என்றால் இப்படி இருக்கும் என்று பெயர் சொல்லிக் காட்டுவதற்கு அது நல்ல வழி. ஆனால் இரண்டு அணிலுக்கும் மூன்று ஆட்டுக்கும் கதைக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டோடு ஒன்று சேர்ந்துதான் மூன்று ஆனது என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுவதில்லை.

தமிழ்ப் பிள்ளைகளின் விளையாட்டில் வேறொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் கைகோத்து வளைவாகத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் அதனடியில் வரிசையாகப் புகுந்து வரும் விளையாட்டைப் பலரும் ஆடியிருப்பார்கள். ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் ஒரு பூ கூடிக்கொண்டே போகும் அந்தப் பாட்டில் வரி மாறாது, எண் மட்டும் மாறும். முன்பு இருந்ததோடு ஒன்று சேர்கிறது என்பதே அதன் நடை. காணாமல் போன பட்டத்தின் கதைக்கும் இதுவே பொருந்தும்: வழியில் புதிது புதிதாக எண்ணாமல், கையில் ஒன்றொன்றாகச் சேர்வதை எண்ணலாம்.

பட்டத்துக்கு வால் உண்டு. வாலில் ஐந்து குஞ்சம் கட்டியிருக்கிறது. நூல் அறுந்து பட்டம் காற்றோடு போகும்போது குஞ்சங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. அவை விழுந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை பட்டத்தைத் தேடிப் போகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குஞ்சம் கிடைக்கும். கையில் இருப்பது ஒன்று கூடும். தேடலுக்கும் எண்ணிக்கைக்கும் இப்போது ஒரே கயிறு. எண்ணாமல் கதை நகராது.

ஐந்தோடு நிறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய அளவு, பெரியவர்களுக்கே மூன்று, நான்கு வரைதான். மழலைக்கு அதைவிடக் குறைவு. ஐந்து என்பது அந்த எல்லையைத் தாண்டி ஒரே ஓர் எட்டு வைத்த இடம். அங்கே எண்ணித்தான் ஆகவேண்டும். பத்து வரை போனால் இரண்டு வயதுப் பிள்ளை ஆறாவது பக்கத்திலேயே எழுந்து போய்விடும்.

கதையின் பேச்சு எந்தத் தமிழில் இருக்கவேண்டும்? இங்கே எண்களே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று கை தட்டிச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் வாயில் இரண்டு துண்டாகவே விழுகிறது. ஐந்தும் ஒரே ஓசையில் முடிகின்றன. எட்டு வரை இந்த ஒழுங்கு கலைவதில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணினாலும் தட்டு மாறாது. எழுத்துத் தமிழுக்குப் போனால் 'இரண்டு' மூன்று துண்டாகி முதல் அடியிலேயே தாளத்தை இடறிவிடுகிறது. எழுத்துத் தமிழைப் பிள்ளை பள்ளியில் படித்துக்கொள்ளும். மடியில் உட்கார்ந்து கேட்கும் கதைக்கு வீட்டில் புழங்கும் எண்களே சரி. 'காத்தாடி' என்று சொல்லும் சென்னைக்காரர்கள் மன்னிக்கவேண்டும். இந்தக் கதைக்கு இரண்டு துண்டில் அடங்கும் 'பட்டம்'தான் தோது.

பிள்ளையின் பெயருக்கும் ஒரு சோதனை உண்டு. மீனு என்று வைத்தால் மூணாவது பக்கத்தில் மீனுவும் மூணும் மோதிக்கொள்ளும். இரண்டு வயதுக் காதுக்கு அந்த வேற்றுமை மிகச் சிறியது. எண்களின் சாயல் இல்லாத பெயராகப் பார்த்து, கயல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி கதை. தொடக்கம் இது:

காத்து வந்துச்சு, விர்ர்ர்!
நூலு அறுந்துச்சு, டப்!
பட்டம் போச்சு, பட்டம் போச்சு,
எங்க போச்சு, கயலு?

அடுத்து முதல் குஞ்சம்:

வேலி மேல ஒரு குஞ்சம்.
எடு கயலு, எடு!
ஒண்ணு.
கையில எத்தனை? ஒண்ணு!
பட்டம் எங்க? இன்னும் காணோம்.
வா போகலாம், வா!

இரண்டாவது:

ஆட்டுக் கொம்புல இன்னொரு குஞ்சம்.
எடு கயலு, எடு!
ஒண்ணு, ரெண்டு.
கையில எத்தனை? ரெண்டு!
பட்டம் எங்க? இன்னும் காணோம்.
வா போகலாம், வா!

மூன்றாவது குஞ்சம் கிணத்து மேட்டில், நான்காவது வாழை இலையில், ஐந்தாவது வேப்பங்கிளையில். இடத்தின் பெயரும் எண்ணும் மட்டும் மாறுகின்றன. மற்ற வரிகள் அப்படியே திரும்ப வருகின்றன.

இந்த வரிகளை நான்கு தட்டாகத் தட்டிப் படிக்கவேண்டும். "வேலி, மேல, ஒரு, குஞ்சம்": நான்கு தட்டு, நான்கிலும் சொல் இருக்கிறது. "எடு, கயலு, எடு": மூன்று தட்டில் சொல், நான்காவது தட்டு வெறுமை. அந்த வெறுமை தவறி விழுந்ததல்ல. கயல் குனிந்து குஞ்சத்தை எடுப்பது அந்தத் தட்டில்தான். படிக்கிறவர் அங்கே வாயை மூடிக்கொண்டு கையை நீட்டவேண்டும். பிள்ளையின் கையும் கூடவே நீளும். வரிக்குள் சொற்களை நெருக்கி நிரப்பிவிடுவது மழலைக் கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்கிற தவறு. "எடு எடு கயலு, சீக்கிரம் எடு" என்று எழுதினால் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் பிள்ளைக்குச் செய்ய இடம் இருக்காது. பாட்டு முன்னால் ஓட, கை பின்தங்கிவிடும்.

எண்ணும் வரியில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. "ஒண்ணு" என்ற பக்கத்தில் ஒரு தட்டு நிரம்பி மூன்று காலியாக இருக்கும். "ஒண்ணு, ரெண்டு" என்றால் இரண்டு காலி. நான்காம் பக்கத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வரி முழுக்க நிரம்பிவிடும். காதுக்கு அங்கே கணக்கு முடிந்துவிட்டது. ஐந்தாம் பக்கத்திலோ நாலு தட்டும் தீர்ந்த பிறகு, அடுத்த வரியின் முதல் தட்டில் "அஞ்சு!" என்று ஒன்று வந்து விழுகிறது. தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை நாலில் நின்றுவிடும். விரலால் தொட்டு வந்த பிள்ளைக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருப்பது கண்ணில் படும். பட்டம் கிடைப்பதும் இந்தப் பக்கத்தில்தான் என்பதால், வரி நிரம்பி வழிவதும் கதை உச்சத்துக்குப் போவதும் ஒரே இடத்தில் நடக்கின்றன.

"கையில எத்தனை?" என்ற வரிதான் இந்தக் கதையின் அச்சாணி. எண்ணி முடித்தவுடன் இந்தக் கேள்வி வந்து, கடைசியாகச் சொன்ன எண்ணையே விடையாகத் திரும்பச் சொல்ல வைக்கிறது. கெல்லி மிக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்றரை வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டி, சில பிள்ளைகளிடம் மொத்த எண்ணை மட்டும் சொன்னார்கள். வேறு சிலரிடம் எண்ணி மட்டும் காட்டினார்கள். இன்னும் சிலரிடம் மொத்தத்தைச் சொல்லி, அதே மூச்சில் எண்ணியும் காட்டினார்கள். தெளிவாக முன்னேறியது இந்தக் கடைசிக் கூட்டம்தான். எண்ணுவதும் மொத்தம் சொல்வதும் அடுத்தடுத்து நிகழவேண்டும். நடுவில் ஒரு வர்ணனையோ வேறொரு கேள்வியோ புகுந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துபோகும். அதனால்தான் இந்தக் கதையில் எண் வரிக்கும் கேள்விக்கும் நடுவே ஆடு கத்துவதில்லை, தாத்தா எதுவும் சொல்வதில்லை.

முதல் பக்கத்தில் "ஒரு குஞ்சம்" என்றும் பிறகு "இன்னொரு குஞ்சம்" என்றும் வருவதையும் கவனிக்கவேண்டும். எண்ணும்போது ஒண்ணு என்கிறோம், பொருளோடு சேர்த்துச் சொல்லும்போது ஒரு என்கிறோம். பிள்ளைக்கு இவை இரண்டு தனிச் சொற்கள். முதல் பக்கத்தில் இரண்டும் அருகருகே வருவதால், வேலி மேல் இருந்த 'ஒரு'தான் கைக்கு வந்ததும் 'ஒண்ணு' ஆகிறது என்று காது பழகிக்கொள்ளும்.

மொழிக்கு மொழி இந்த உதவியும் தடங்கலும் வேறுபடுகின்றன. ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மையோடு இரண்டுக்கென்றே தனி வடிவம் இருக்கிறது. அந்த மொழி பேசும் பிள்ளைகள் 'இரண்டு' என்பதன் பொருளை, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைவிட முன்னதாகவே பிடித்துக்கொள்கிறார்கள் என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பேச்சுத் தமிழிலோ ஒரு ஆடும் ஆடுதான், ரெண்டு ஆடும் ஆடுதான். பெயர்ச்சொல் வாயைத் திறந்து எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே தமிழ்க் கதையில் அந்தச் சுமையைப் படம்தான் தூக்கவேண்டும்.

படத்தில்தான் நல்ல கதைகள் பலவும் கெட்டுப்போகின்றன. ஆட்டுக் கொம்பில் குஞ்சம் மாட்டியிருக்கும் பக்கத்துக்கு ஓவியர் ஆசையாக மூன்று ஆடுகளை வரைந்தால், பிள்ளை ஆட்டைத்தான் எண்ணும். "ரெண்டு" என்று படிக்கும் வாய்க்கும் மூன்றைப் பார்க்கும் கண்ணுக்கும் சண்டை வரும். அந்தப் பக்கத்தில் ஒரே ஓர் ஆடு, வேலியில் ஒரு குருவிகூட வேண்டாம். குஞ்சங்கள் ஐந்தும் ஒரே நிறம், ஒரே அளவாக இருக்கட்டும். ஐந்துக்கும் ஐந்து நிறம் கொடுத்தால் பிள்ளை நிறத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடும். அது வேறு கதை.

கயலின் கை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மூலையில், ஒரே அளவில் இருக்கவேண்டும். அதில் குஞ்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியாமல் விரல்களுக்கு நடுவே தனித்தனியாகத் தெரியவேண்டும். பக்கத்தைத் திருப்பியதும் கண் நேராக அந்த மூலைக்குப் போகும் பழக்கம் இரண்டாம் வாசிப்பிலேயே வந்துவிடும். பட்டத்தை மேகத்துக்குப் பின்னால் மிதக்கவிட்டு, வாலில் மிச்சம் இருக்கும் குஞ்சங்கள் நான்கு, மூன்று, இரண்டு என்று குறைவதையும் வரையலாமே என்று ஒரு யோசனை எழும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அருமையான புதிர். மழலைக்கு ஒரே பக்கத்தில் இரண்டு கணக்கு ஆகிவிடும். பட்டம் கண்ணில் படவேண்டியது ஐந்தாம் குஞ்சத்தோடுதான்.

இது மொத்தம் பதினாறு பக்கத்தில் அடங்கும். மழலையருக்கான தடிமனான அட்டைப் புத்தகங்களில் பலவும் பதினாறு, இருபது பக்கத்தை ஒட்டியே அச்சாகின்றன. விரித்தால் எதிரெதிராகத் தெரியும் இரண்டு பக்கங்களை ஒரு விரிப்பு என்று கொண்டால் எட்டு விரிப்பு. முதல் விரிப்பில் நூல் அறுகிறது. அடுத்த ஐந்தில் ஐந்து குஞ்சங்கள். ஏழாவதில் தாத்தா தொரட்டியோடு வந்து வேப்பமரத்திலிருந்து பட்டத்தை இறக்குகிறார். எட்டாவதில் வாலில் குஞ்சங்களைத் திரும்பக் கட்டுகிறார்கள். "பட்டம் எங்க? இன்னும் காணோம்" என்ற வரி ஒவ்வொரு தடவையும் வலப்பக்கத்தின் அடியில் வரவேண்டும், பக்கத்தைத் திருப்பத் தூண்டுவது அந்த வரிதான். நாலு தடவை "இன்னும் காணோம்" கேட்ட பிறகு, ஆறாம் விரிப்பில் அதே இடத்தில் "பட்டம் எங்க? அதோ மேல!" என்று வரும். வரியின் பாதி மாறாமல் பாதி மாறுவதால்தான் பிள்ளை அங்கே துள்ளுகிறது. முன்னால் நாலு தடவை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வந்திருந்தால்தான் இது பலிக்கும். படிக்கிறவர் சலிப்பில் ஒரு தடவை "எங்கடி போச்சு அந்தப் பட்டம்" என்று மாற்றிவிட்டால் அந்தத் துள்ளல் போய்விடும்.

சலிப்பு படிக்கிறவருக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சொற்கள் அடங்கிய கதைகளைப் படித்துக் காட்டினார்கள். சில பிள்ளைகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மற்றவர்கள் அதே சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டார்கள். சொற்கள் காதில் விழுந்த தடவை இருவருக்கும் ஒன்றே. ஆனாலும் ஒரே கதையைக் கேட்டவர்களே சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கதையில் பிள்ளையின் கவனம் முழுக்கத் தெரியாத சொல்லுக்குக் கிடைக்கிறது. பட்டத்தின் கதையைப் பத்தாவது தடவையாகக் கேட்கும் பிள்ளை கயலுக்கு என்ன ஆகும் என்று கவலைப்படாது. கையில் எத்தனை என்று பார்க்க அதற்கு அவகாசம் இருக்கும்.

அதனால் முதல் இரண்டு தடவை கேள்வி எதுவும் கேட்காமல் முழுக்கப் படித்துவிடுவது நல்லது. "கையில எத்தனை?" என்பதற்கும் படிக்கிறவரே விடை சொல்லலாம். மூன்றாம் தடவை அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். நிறுத்துவது என்றால் நிஜமாகவே நிறுத்துவது; மனதுக்குள் மெதுவாக ஐந்து எண்ணும் நேரம். பெரியவர்களுக்கு அந்த மௌனம் நீளமாகத் தோன்றும், உடனே விடையைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கேள்வியைக் கேட்டு, கையைப் பார்த்து, சொல்லைத் தேடி, வாயைத் திறக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

படத்தோடு நிஜக் குஞ்சங்களும் இருந்தால் கதை வேறு மாதிரி உயிர் பெறும். பழைய புடவையின் கரையைக் கிழித்து ஐந்து குஞ்சம் கட்டிவிடலாம். ஒவ்வொன்றும் பிள்ளையின் உள்ளங்கை அளவாவது இருக்கட்டும். புளியங்கொட்டை, பொத்தான், மணி எல்லாம் எண்ணுவதற்கு வசதிதான். ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை எதையும் வாயில் போடும், அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளமான நூலையும் கையில் கொடுக்கவேண்டாம்.

விரலால் தொட்டு எண்ணும்போது சில பிசகுகள் வழக்கமாக வரும். ஒன்று, விரல் ஓடிவிடும்; மூன்று குஞ்சத்தின் மேல் விரல் ஒரு தடவை வழுக்கிப் போவதற்குள் வாய் அஞ்சு வரை சொல்லிவிடும். தாளம் கையை மீறிய நிலை இது. அப்போது தட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு குஞ்சமாக எடுத்து ஒரு தட்டில் போடச் சொல்லவேண்டும். போடுகிற கை வாயைத் தன் வேகத்துக்கு இழுத்து நிறுத்தும். இன்னொன்று, 'ஒண்' என்றபோது ஒரு குஞ்சத்தையும் 'ணு' என்றபோது அடுத்ததையும் தொடுவது. நம் எண்கள் எல்லாம் இரண்டு துண்டாக விழுவதால் இதற்கு வாய்ப்பு உண்டு. எண்ணை இழுத்துப் பாடாமல், "ஒண்ணு" என்று ஒரே அடியாக வெட்டிச் சொல்லி, அதே கணத்தில் குஞ்சத்தைக் கையில் வைத்தால் இது சரியாகிவிடும். ஏற்கெனவே தொட்டதையே திரும்பத் தொடும் பிள்ளைக்கு, எண்ணியதை ஒரு பக்கம் நகர்த்தி வைக்கக் கற்றுக்கொடுப்பது போதும்.

பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளவும் இந்தக் கதையே போதும். மூன்றாம் பக்கத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி முடித்ததும் படத்தில் உள்ள கையை உங்கள் உள்ளங்கையால் மூடிவிட்டு, "எத்தனை?" என்று கேளுங்கள். "மூணு" என்று விடை வந்தால் நல்ல அறிகுறி. மூடிய கையை விலக்கி மறுபடி ஒண்ணிலிருந்து எண்ண ஆரம்பித்தால், அந்தப் பிள்ளைக்கு "எத்தனை" என்பது இன்னும் "எண்ணு" என்ற கட்டளையாகத்தான் கேட்கிறது. ஆனால் விடை சரியாக வந்துவிட்டது என்று அத்தோடு முடிவு கட்டிவிடவும் கூடாது. கதையைப் பலமுறை கேட்ட பிள்ளை பாட்டின் அடுத்த வரியாகவே "மூணு" என்று சொல்லியிருக்கலாம். புத்தகத்தை மூடி வைத்து, வேறொரு வேளையில், சோறு ஊட்டும்போதோ விளையாடும்போதோ, ஐந்து குஞ்சத்தையும் முன்னால் வைத்து "கயலுக்கு மூணு குடு" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். கேரன் வின் செய்த சோதனைதான் இது, பொம்மைக்குப் பதில் குஞ்சம்.

ஒன்று மட்டும் சரியாகக் கொடுத்து, இரண்டு கேட்டால் அள்ளிக் கொடுக்கிற பிள்ளைக்கு ஐந்து விரிப்பும் படிப்பதில் தப்பில்லை. தாளத்தையும் தேடலையும் ரசிக்கும். ஆனால் நிறுத்தி எண்ணவேண்டியது முதல் மூன்று பக்கங்களில் மட்டும். நான்கையும் ஐந்தையும் பாட்டாகவே கடந்துபோகலாம். இந்தக் கதையால் ஒரு பிள்ளையை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஒரே வாரத்தில் தூக்கிவிட முடியாது. வின் கண்ட அந்த மாதங்கள் எந்தப் பிள்ளைக்கும் மொத்தமாகக் குறைந்துவிடுவதில்லை.

எட்டாவது விரிப்பில் தாத்தா தரையில் உட்கார்ந்திருக்கிறார். பட்டம் மடியில். கயல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் வாலில் கட்டுகிறார். வரி பழைய வரிதான், வினை மட்டும் மாறுகிறது: "கட்டு தாத்தா, கட்டு!" எண்ணும் வரியும் அப்படியே, நாலு தட்டு நிரம்பி, ஐந்தாவது வழியும். கையிலிருந்த ஐந்து வாலுக்குப் போயும் ஐந்தாகவே இருக்கிறது. குவியலாக இருந்தது வரிசையானதால் எண்ணிக்கை மாறவில்லை என்பதைப் பிள்ளை இங்கே முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறது.

ரோஷல் கெல்மன், சார்ல்ஸ் கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் எழுதிய நூலில், எண்ணுவதன் அடிப்படை விதிகள் என்று ஐந்தைச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண்ணே மொத்தம், எதையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினாலும் மொத்தம் மாறாது. முதல் மூன்றும் கதையின் எல்லாப் பக்கங்களிலும் வந்துவிட்டன. கடைசி விதிக்கு இந்த எட்டாவது விரிப்பில் ஓர் இடம் ஒதுக்கலாம். வால் பக்கத்தின் குறுக்கே இடமிருந்து வலமாக நீண்டு கிடக்கட்டும். பட்டத்தின் பக்கமிருந்தும் எண்ணலாம், நுனியிலிருந்தும் எண்ணலாம். நுனியிலிருந்து எண்ணினால் எத்தனை வரும் என்று முன்கூட்டியே கேட்டால் வேறு ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. திருத்தவேண்டியதில்லை, எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும். அஞ்சு வந்ததும் சில பிள்ளைகள் நம்பாமல் மறுபடி பட்டத்தின் பக்கமிருந்து எண்ணுவார்கள், பிறகு மறுபடி நுனியிலிருந்து. அதற்கு வசதியாக அந்தப் பக்கத்தில் வேறு எந்த வரியும் அச்சாகாமல் இருப்பது நல்லது.